அந்த ஒரு சனி ஞாயிறு
(வானொலி மறையுரை)



மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. இயேசு அனுப்பிய பணியை முடித்துவிட்டுச் சீடர்கள் திரும்பி வருகிறார்கள். செய்தது, கற்பித்தது எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல ஆசை. ஆனால் வருகிறவர்களும் போகிறவர்களுமாகக் கூட்டம். உண்ணக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அப்போது இயேசு, தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அவர்களை அழைக்கிறார். கூட்டத்தை அவர் வெறுக்கவில்லை. ஆனால் தம்மோடு இருப்பவர்கள் தம்மோடு பேச நேரமில்லாமல் போவதை அவர் கவனிக்கிறார்.

இந்தக் காட்சியை இன்று நம்முடைய வீடுகளுக்குள் கொண்டுபோய்ப் பார்ப்போம். வந்துபோகும் கூட்டம் அங்கேயும் உண்டு. அவர்கள் அந்நியர்கள் அல்லர். சித்தப்பா, பெரியம்மா, மாமியார், மைத்துனர், அலுவலக நண்பர், அன்பியத்தார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அன்போடுதான் பத்திரிகை வைக்கிறார்கள். ஆனால் அந்த அன்பின் நெரிசலில் கணவனும் மனைவியும் தனியாக அமர்ந்து பேச ஒரு மணி நேரம்கூட இல்லாமல் போகிறது.

நம்மிடம் வந்து பேசிய ஒரு தம்பதியரின் கதையை, அவர்கள் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம். கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். மனைவி பள்ளி ஆசிரியை. ஆறு வயதில் ஒரு மகள். கணவரின் தாயார் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். சண்டை இல்லை, குடி இல்லை, சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தச் சகோதரி சொன்ன முதல் வார்த்தை, “ஃபாதர், எங்களுக்குள் பேச்சே இல்லை” என்பதுதான். கணவர் திகைத்துப் போனார். “தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்?” என்றார். “ஆமாம், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மொய் எவ்வளவு எழுத வேண்டும், இதைத்தான் பேசுகிறோம்” என்றார் அவர்.

நாம் அவர்களிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிந்தைய மூன்று மாதங்களின் நாள்காட்டியை எடுத்துவரச் சொன்னோம். மூன்று மாதத்தில் 13 வார இறுதிகள். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று இருவருமாக எழுதினார்கள். திருமணம் 4, நிச்சயதார்த்தம் 1, புதுநன்மை 2, வளைகாப்பு 1, வீடு மந்திரிப்பு 1, ஆண்டு நினைவுத் திருப்பலி 1, சொந்த ஊர்க் கோயில் திருவிழா 1. ஆக 11 போயிற்று. மீதி இரண்டில் ஒன்று மனைவியின் விடைத்தாள் திருத்தும் பணியில் போனது. இன்னொன்று எப்படிப் போனது தெரியுமா? பங்குத் திருவிழாவுக்கான ஆயத்தக் கூட்டத்தில். அந்தக் கூட்டத்தைக் கூட்டியது நாம்தான். அந்த வரியைப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

இந்த நெருக்கடிக்கு நம்மிடையே ஒரு காரணம் உண்டு. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம் குடும்பங்களில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. நம் இந்துச் சகோதரர்கள் ஆடியிலும் மார்கழியிலும் வைப்பதில்லை. இருதரப்பு நண்பர்களும் உறவுகளும் உள்ள ஒரு வீட்டில், எஞ்சிய மாதங்களில் எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. சித்திரை, வைகாசி, ஆவணி, தை என்றால் மூச்சுவிட முடியாது. இந்த மாதங்களில் ஓய்வு தானாகக் கிடைக்கும் என்று காத்திருந்தால் கிடைக்காது. முன்னாலேயே எடுத்து வைத்தால்தான் உண்டு.

பிரான்சு நாட்டில் ஹென்றி கஃபாரெல் என்றொரு அருள்பணியாளர் இருந்தார். 1939இல் பாரிசில் நான்கு தம்பதியரோடு ஒரு குழுவைத் தொடங்கினார். அதுவே இன்று உலகின் பல நாடுகளில், அன்னை மரியாவின் பெயரில் இயங்கும் தம்பதியர் குழுக்களாக வளர்ந்திருக்கிறது. அவர் 1945இல் தம்பதியருக்கு ஒரு கடமையை எடுத்துச் சொன்னார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘உட்காரும் கடமை’. லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொல்கிறாரே, அங்கிருந்து எடுத்தது. மாதம் ஒருமுறை கணவனும் மனைவியும் இறைவன் முன்னிலையில், அவசரமின்றி உட்கார்ந்து, தங்கள் வாழ்வைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்றார். வீடு கட்டும்போது சிமெண்டுக்கும் கம்பிக்கும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். இல்லறத்துக்கு உட்காருகிறோமா என்பதே அவர் கேள்வி.

இனி அந்தத் தம்பதியர் செய்ததைச் சொல்கிறோம். நடந்துமுடிந்த அந்த 11 நிகழ்ச்சிகளையும் அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகை, இருவரும் கட்டாயம் போயிருக்க வேண்டியவை. சித்தப்பா மகனின் நிச்சயதார்த்தம், அவருடைய திருமணம், மனைவியின் தகப்பனாருடைய ஆண்டு நினைவுத் திருப்பலி, சொந்த ஊர்த் திருவிழா, கணவர் ஞானத்தந்தையாக இருக்கும் பிள்ளையின் புதுநன்மை. இவை ஐந்து. இரண்டாம் வகை, ஒருவர் போனால் போதுமானவை. அவரவர் உடன் பணிபுரிகிறவர்களின் இரண்டு திருமணங்களும் வீடு மந்திரிப்பும். இவை மூன்று. மூன்றாம் வகை, வேறொரு நாள் போய்ப் பார்த்திருந்தால் யாரும் குறையாக நினைத்திருக்க மாட்டார்கள் என்பவை. தூரத்து உறவில் ஒரு திருமணம், இன்னொரு புதுநன்மை, வளைகாப்பு. இவையும் மூன்று.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் மட்டும் போனால் அந்த வாரம் மிச்சமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒருவர் திருமணத்தில், மற்றவர் வீட்டில் என்றால் அது இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் இல்லை. ஆனால் அது வேறொன்றுக்கு உதவும். துணி துவைப்பது, ரேஷன், மாதச் சாமான், பிள்ளையின் சீருடைக்கு இஸ்திரி, இவற்றை வீட்டில் இருப்பவர் அந்த வாரத்தில் முடித்துவிடலாம். இல்லாவிட்டால் இந்த வேலைகளெல்லாம் சேர்ந்து, ஒதுக்கி வைத்த வாரத்தைத் தின்றுவிடும். உண்மையில் விடுபடுவது மூன்றாம் வகைதான். மூன்று மாதத்தில் மூன்று. ஆக, மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு. யாரையும் பகைக்காமல் இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். அதற்குமேல் அவர்கள் ஆசைப்படவும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறை ஒதுக்கினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் பார்த்துக் கணவரின் தாயார் தொலைபேசியில் அழைத்து, ஒரு தூரத்து உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார். கணவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “அவளுக்கு உடம்பு சரியில்லை அம்மா” என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மணி அடித்தது. தாயார் மிளகு ரசம், சுக்குக் கஷாயம் எல்லாம் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி வந்துவிட்டார். மருமகள் நன்றாக இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தனிமையும் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று.

பிரியமானவர்களே, பொய் சொல்லிக் காப்பாற்றும் தனிமை நிலைக்காது. அது நம்மை நேசிக்கிறவர்களை ஏமாளிகள் ஆக்கிவிடுகிறது. இரண்டாம் முறை அவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். மூன்று காரியங்களைச் செய்தார்கள்.

முதலாவது, அவரவர் வீட்டாரிடம் அவரவரே பேசுவது. தம் தாயாரிடம் கணவர் நேரில் போய், “அம்மா, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு நாங்கள் எங்கும் போவதில்லை என்று வைத்திருக்கிறோம். அன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள்” என்றார். தாயார் உடனே, “இது அவள் சொல்லிக் கொடுத்ததா?” என்று கேட்டார். “இல்லை அம்மா, நான்தான் சொல்கிறேன்” என்றார் மகன். அந்த ஒரு பதிலுக்காகத்தான் மகன் பேச வேண்டும் என்கிறோம். இதையே மருமகள் சொல்லியிருந்தால் அது வேறு சண்டையாக மாறியிருக்கும். தொடக்கநூல் இரண்டாம் அதிகாரம், தாய் தந்தையை விட்டுத் தன் மனைவியோடு ஒன்றித்திருப்பதை ஆணின் பொறுப்பாகவே சொல்கிறது. விட்டு என்றால் கைவிட்டு என்று பொருளல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் ஏட்டில், மணமானவர்கள் மகனாகவும் மகளாகவும் இருப்பதற்குப் புதிய வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறார். உறவு முடிவதில்லை. அதன் வடிவம் மாறுகிறது.

இரண்டாவது, போகாத விசேஷத்துக்கு முன்கூட்டியே போவது. நம் ஊரில் மொய் என்பது வெறும் பணம் அல்ல. நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எழுதியது நோட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிச் செய்யாவிட்டால் அது மனத்தாங்கலாகிவிடும். விசேஷம் முடிந்த பிறகு போய்ச் சமாதானம் சொன்னால் அது சாக்குப்போல் தெரியும். இவர்கள், திருமணத்துக்கு முந்தின புதன்கிழமை மாலை, அலுவலகம் முடிந்து, இருவருமாகப் பெண் வீட்டுக்குப் போனார்கள். மொய்க் கவரைக் கையில் கொடுத்து, அரைமணி நேரம் உட்கார்ந்து, காபி குடித்து, பெண்ணை வாழ்த்திவிட்டு வந்தார்கள். மண்டபத்தில் வரிசையில் நின்று, மேடையில் ஒரு நிமிடம் புகைப்படத்துக்கு நிற்பதைவிட அந்தப் பெண்ணுக்கு அதுதான் மகிழ்ச்சியாக இருந்ததாம்.

மூன்றாவது, வீட்டின் மூத்தவருக்கு அதில் ஒரு பங்கு கொடுப்பது. ஒதுக்கிய சனிக்கிழமை பிற்பகல் மகளைப் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஓர் இரவு முழுவதும் பேத்தி பாட்டியோடு. முன்பெல்லாம் விசேஷ வீடுகளில் கூட்டத்துக்கு நடுவே பேத்தியைப் பார்த்த பாட்டிக்கு, இப்போது கதை சொல்லிப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ள ஒரு நாள் கிடைத்தது. மூன்றாவது மாதம் அவரே போன் பண்ணி, “இந்த மாதம் எந்தச் சனிக்கிழமை?” என்று கேட்டார்.

அந்தத் தனிமையில் அவர்கள் என்ன செய்தார்கள்? முதல் மாதம் ஒன்றுமே பேசவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று. கணவர் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். மனைவி தூங்கினார். இருவரும் ஏமாற்றத்தோடு நம்மிடம் வந்தார்கள். பல தம்பதியர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஓடிக் களைத்தவர்களுக்கு முதலில் தூக்கம்தான் வரும், அது தவறில்லை என்று சொன்னோம். அடுத்த முறை கைப்பேசி இரண்டையும் பீரோவுக்குள் வைத்து, மாடியில் பாய் விரித்து, முதலில் ஒரு சிறு செபம் சொல்லி, சற்று மௌனமாக இருந்து, பிறகு பேசுங்கள் என்றோம். வீட்டுக் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் அன்றைக்கு வேண்டாம், அதற்கு வேறு நாள் வையுங்கள் என்றோம்.

இரண்டாம் மாதம் அந்தச் சகோதரி பேசினார். ஓராண்டுக்கு முன் மூன்றாம் மாதத்தில் அவர்களுக்கு ஒரு கரு கலைந்துபோயிருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த அடுத்த வாரமே ஒரு திருமணம். அதற்கடுத்த வாரம் புதுநன்மை. யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் கேட்கவில்லை. பிறகு அந்த வளைகாப்பு. அங்கே அவரும் முன்னால் போய் நின்று, அந்தப் பெண்ணின் கைக்கு வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் கணவர், அடுத்த வாரத் திருவிழாவுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டு வந்தார். “எனக்கு அன்றைக்கு என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை” என்று மாடியில் அந்த மாலை அவர் சொன்னார். கணவர், “நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நினைவுபடுத்தக்கூடாதென்று இருந்தேன்” என்றார். அவரும் தனியே அழுதிருக்கிறார். அது மனைவிக்குத் தெரியாது. ஓராண்டாக ஒரே துக்கத்தை இருவரும் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள். வாரந்தோறும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு.

தோபித்து நூலில், திருமண இரவில் வீட்டார் எல்லாரும் வெளியே போய்க் கதவை மூடிய பிறகுதான் தோபியா சாராவை எழுப்பி, இருவரும் சேர்ந்து செபிக்கிறார்கள். முன்னே ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண் அவள். அவளுடைய அச்சத்தை விருந்து வீடு போக்கவில்லை. மூடிய கதவுக்குள்தான் அதற்கு ஆறுதல் கிடைத்தது. சில காயங்களுக்குக் கூட்டத்தில் மருந்து இல்லை.

இதற்கு எல்லையும் உண்டு. மூன்றாம் மாதம், அவர்கள் ஒதுக்கிய வெள்ளிக்கிழமை இரவு, பெரியப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கிளம்பிவிட்டார்கள். துக்க வீட்டுக்கு, நோயாளியின் படுக்கைக்கு, எங்களுக்கு இன்று தனி நாள் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மாற்கு நற்செய்தியிலும் அதுதான் நடந்தது. படகில் தனிமை தேடிப் போனார்கள். மக்கள் கால்நடையாக ஓடி அவர்களுக்கு முன்னே போய் நின்றார்கள். இயேசு அவர்கள்மேல் பரிவு கொண்டார், கற்பித்தார், உணவளித்தார். ஆனால் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். உணவளித்து முடித்ததும் சீடர்களைப் படகேற்றி அனுப்பி, மக்களையும் அனுப்பிவிட்டு, அவர் தனியே மலைக்குச் சென்று செபித்தார். தனிமையைத் தள்ளிவைத்தார், கைவிடவில்லை. இந்தத் தம்பதியரும் அப்படியே செய்தார்கள். போன நாளை அதே மாதத்துக்குள் வேறொரு ஞாயிறாக மாற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் அது அத்தோடு போயிருக்கும்.

ஞாயிறுத் திருப்பலியை விட்டுவிட்டுத் தனித்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறுக் கடமை நிறைவேறுகிறது. ஞாயிறு என்பது மனதுக்கும் உடலுக்கும் ஓய்வு தர வேண்டிய நாள் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தில், புதிதாக மணம் முடித்தவனைப் போருக்கு அனுப்பக்கூடாது, வேறு பொறுப்பும் சுமத்தக்கூடாது, ஓராண்டு வீட்டிலிருந்து அவன் தன் மனைவியை மகிழ்விக்கட்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு நாடே தன் படையிலிருந்து ஒருவனை அவனுடைய மனைவிக்காக விட்டுக்கொடுத்தது. நாம் ஒரு பந்தியிலிருந்து விட்டுக்கொடுக்க மாட்டோமா?

ஆகவே பெரியவர்களே, உங்கள் பிள்ளைகள் ஒரு விசேஷத்துக்கு வர இயலாது என்று முன்கூட்டியே உண்மையைச் சொன்னால், ஏன் என்று இரண்டாம் முறை கேட்காதீர்கள். இளம் தம்பதியரே, பத்திரிகைகள் வருவதற்கு முன் நாள்காட்டியில் உங்கள் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். பங்குப் பணியாளர்களாகிய நாமும் ஒன்று செய்யத் தீர்மானித்திருக்கிறோம். அந்த 13ஆம் வாரத்துக்குப் பரிகாரமாக, மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நம் பங்கில் திருப்பலிக்குப் பிறகு எந்தக் கூட்டமும் இராது. அன்பியமும் இல்லை, பங்குப்பேரவையும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போங்கள்.

கானாவூர்த் திருமணத்துக்கு விருந்தினராகச் சென்ற ஆண்டவரே, நாசரேத்தின் சிறு வீட்டில் மரியா, யோசேப்போடு நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்தவரும் நீரே. எங்கள் தம்பதியர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் சுமக்கும் துயரங்களை நீர் அறிவீர். அவற்றைச் சொல்ல ஒரு மாலைப் பொழுதையும், கேட்கப் பொறுமையான செவியையும் அவர்களுக்குத் தாரும். ஆமென்.